கண்ணாடி யார் கணக்கு?

போன வைகாசியில் ஒரு சாயங்காலம். காற்று மொத்தமே பத்து நிமிஷம்தான் அடித்திருக்கும், மழைகூட அப்புறம்தான் வந்தது. கோடைமழைக்கு முன்னால் காரைக்குடியில் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வருமே, அந்தக் காற்று. எங்கள் எதிர் வரிசை ஜவுளிக்கடையின் பெயர்ப்பலகை இடப்பக்கம் கழன்று, வலப்பக்க ஆணியில் தொங்கி, ஊஞ்சல்போல ஒரு வீச்சு வீசி, அந்தக் கடையின் முன்பக்கக் கண்ணாடியிலேயே போய் மோதியது. டஃபன் கிளாஸ் உடைந்தால் கத்தி கத்தியாக விழாது. மூட்டையை அவிழ்த்துக் கல்கண்டைக் கொட்டியதுபோல ஒரே நொடியில் பொலபொலவென்று கொட்டிவிடும். நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருக்கும் அடி இல்லை. அப்புறம் மழை உள்ளே அடித்து, முன் அடுக்கில் இருந்த சேலைகள் நனைந்தன.

இரண்டு மாதம் அந்தப் பஞ்சாயத்து ஓடியது. “கண்ணாடி கட்டடத்தோட சேர்ந்ததுதானே, ஓனர் இன்சூரன்ஸ்ல வரும்” என்றார் கடைக்காரர். “நான் குடுத்தது ஷட்டர் போட்ட கடை. கண்ணாடி நீங்களா போட்டுக்கிட்டது” என்றார் கட்டடக்காரர். கடைக்காரர் தன் பாலிசியை எடுத்துப் பார்த்தால், அதில் இருந்தது சரக்கு மட்டும். வங்கிக் கடனுக்காக வங்கியே போட்டுக்கொடுத்த பாலிசி அது. வங்கிக்கு அடமானம் சரக்குதான், அதனால் சரக்கை மட்டும் எழுதிவிட்டு மற்ற கட்டங்களில் கோடு போட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் பிரீமியம் கணக்கில் பிடித்திருக்கிறார்கள். இவரும் ‘கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கு’ என்றே ஐந்து வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறார். கடைசியில் நனைந்த சேலைக்குக் கொஞ்சம் கிடைத்தது. கண்ணாடிக்கும் பலகைக்கும் காலணா வரவில்லை. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர், பலகையைப் பிடித்திருந்த கிளாம்பின் துருவை மட்டும் நாலு பக்கமிருந்து படம் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி பீரோவிலிருந்து என் வாடகை ஒப்பந்தத்தை எடுத்தேன்.

என் கடை பலகாரக் கடை. தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் வீட்டில் செய்து கொண்டுவந்து இங்கே விற்கிறோம், கடையில் அடுப்பு கிடையாது. செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய செட்டியார் வீடு ஒன்றின் தெருப்பக்க அறை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, தேக்கு உத்தரம். வாசலில் வரிசை எண் போட்ட பலகைக் கதவுகள் இருந்தன, காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்க வேண்டும். ஆச்சியிடம் கேட்டு அவற்றை எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டு, பத்தடி அகலம் எட்டடி உயரத்துக்குக் கண்ணாடி போட்டோம். ஆச்சி இருப்பது சென்னையில், மகன் வீட்டில். இந்த வீட்டில் ஆச்சிக்கு ஒரு பங்கு, கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒவ்வொரு பங்கு. (இங்கே நான் ‘வீட்டுக்காரர்’ என்று எழுதப்போவதில்லை. எழுதினால் என் வீட்டுக்காரரா, வீட்டுக்கு உடையவரா என்று குழப்பம் வரும்.)

ஒப்பந்தத்தில் இரண்டு வரிதான் நமக்கு வேண்டியது. ஏழாவது பத்தி சொல்கிறது: “கட்டடத்திற்கான காப்பீடு உரிமையாளர்களின் பொறுப்பு; வாடகைதாரர் தமது பொருள்களுக்குத் தாமே காப்பீடு செய்துகொள்ள வேண்டும்.” பதினொன்றாவது பத்தி: “சுவர், தரை, கூரை ஆகியவற்றில் நிலையாகப் பொருத்தப்பட்டவை ஒப்பந்த முடிவில் உரிமையாளர்களைச் சேரும்.” தனித்தனியாகப் படித்தால் இரண்டும் தெளிவு. சேர்த்துப் படித்தால்தான் தலை சுற்றுகிறது. சுவரில் அறைந்த ராக்கை, மேலே போட்ட ஃபால்ஸ் சீலிங், தரையில் புதைத்த ஸ்பிரிங்கில் நிற்கும் கண்ணாடிக் கதவு, முகப்பில் தொங்கும் பலகை இதெல்லாம் ‘தமது பொருள்’தானா? இல்லை, என்றைக்கோ உரிமையாளருக்குப் போகப்போவதால் இன்றைக்கே ‘கட்டடம்’ ஆகிவிட்டதா?

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வாடகைக்கு இருப்பவர் தான் பொருத்தியதைக் கைவசம் இருக்கும்வரை கழற்றிக்கொண்டு போகலாம், இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் விட்டால் போதும் என்கிறது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் அது. எங்கள் பதினொன்றாவது பத்தி அந்த உரிமையை அடைத்துவிட்டது. சரி, முடிவில் அவர்களுக்குப் போகட்டும். இடையில் எரிந்தால் யார் திரும்பப் போடுவது? அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

எனக்குப் பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட் அண்ணனிடம் போனேன். அவர் சொன்ன ஒன்றில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. “அது யாரோட பொருள்னு கேக்காதீங்கம்மா. உடைஞ்சா யார் கையை விட்டுக் காசு போகும்னு கேளுங்க. கம்பெனி பாக்கிறது அதைத்தான்.” காப்பீட்டில் இதைக் காப்புறுதி நலன் என்பார்கள். சொந்தமாக இருக்க வேண்டும் என்றில்லை, அது அழிந்தால் உங்களுக்குப் பண நஷ்டம் வர வேண்டும், அவ்வளவுதான். ஃபால்ஸ் சீலிங் பத்து வருஷம் கழித்து ஆச்சிக்குப் போகும், ஆனால் நாளைக்கு எரிந்தால் நாளன்றைக்குக் கடை திறக்க நான்தான் போட்டாக வேண்டும். ஆகவே காப்பீடு எடுக்க எனக்கு இடம் உண்டு.

சிக்கல் என்னவென்றால், உரிமையாளரின் பாலிசியிலும் ‘கட்டடம்’ என்பதற்குள் நிலையாகப் பொருத்தியவை அடங்கும் என்று எழுதியிருப்பது வழக்கம். இரண்டு பேரும் எழுதிவைத்தால் இரண்டு மடங்கு கிடைக்காது. நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான், அதிலும் இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனியைக் கை காட்டும். இரண்டு பேரும் எழுதாவிட்டால் எதிர்க்கடை கதை.

அதனால் ஒரே கடிதமாக எழுதுவது என்று முடிவு செய்தேன். ஆச்சிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதினால் அவரவர் நினைப்பதையே பதிலாக எழுதிவிடுவார்கள். ஒரே வாசகம் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். மூன்று பங்காளிகள் பெயரும் மேலே, நகல் கம்பெனியின் கிளை மேலாளருக்கு, என் பாலிசி எண்ணோடு. ஏஜென்டிடம் வாயால் சொல்வது கம்பெனியிடம் சொன்னதாகாது என்பதை அந்த ஏஜென்ட் அண்ணனே சொன்னார், பாவம்.

எழுதுவதற்கு முன் கடையைப் பூட்டிக்கொண்டு ஒரு நோட்டோடு சுற்றினேன். கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும், இன்றைக்குப் புதிதாகப் போட்டால் என்ன ஆகும் என்று ஆசாரியிடமும் கண்ணாடிக்காரரிடமும் விலை கேட்டு எழுதினேன். ராக்கையும் கவுண்டரும் 2,40,000. ஃபால்ஸ் சீலிங், விளக்கு, அதற்கான ஒயரிங் 85,000. முன்பக்கக் கண்ணாடி, 12 மி.மீ. தடிமன், கதவும் தரை ஸ்பிரிங்கும் சேர்த்து 46,000. பெயர்ப்பலகை, பதினாலடிக்கு மூன்றடி, உள்ளே எல்.இ.டி. எழுத்து, 38,000.

என் பாலிசியில் இருந்தது “மரச்சாமான், பொருத்துகள்: 2,00,000”. கடை திறந்த வருஷம் குத்துமதிப்பாகச் சொன்ன தொகை. கண்ணாடி, பலகை பற்றி ஒரு சொல் இல்லை.

இந்த இரண்டு லட்சம் கொஞ்சம் ஆபத்தான இரண்டு லட்சம். கண்ணாடியையும் பலகையையும் விட்டுவிட்டாலும் என் பொருத்துகளின் மதிப்பு 3,25,000. தீயில் சீலிங் மட்டும் போய் 85,000 நஷ்டம் என்று வையுங்கள். இரண்டு லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுதாகத் தருவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தரமாட்டார்கள். மூன்றேகால் லட்சத்துக்கு இரண்டு லட்சம்தான் காட்டியிருப்பதால் அதே விகிதத்தில் குறைத்து, ஏறக்குறைய 52,300 தருவார்கள். மீதி என் தலையில். சிறுதொழில்களுக்கு, ஓரிடத்தில் ஐந்து கோடிக்குள் சொத்து உள்ளவர்களுக்கென்று, 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசிதான் என்னுடையது. அதில் 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள். நான் காட்டியது 38 சதவீதம் குறைவு.

கடிதத்தின் முக்கியமான பகுதி இது. பெயர்களை விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்.

“நமது ஒப்பந்தத்தின் 7, 11 ஆகிய பத்திகளைச் சேர்த்துப் படிக்கும்போது, கீழ்க்கண்டவற்றுக்கு யார் காப்பீடு செய்ய வேண்டும் என்பது தெளிவாக இல்லை. என் புரிதலை எழுதியுள்ளேன். சரி என்றால் மூவரும் கையெழுத்திட்டு அனுப்பவும். தவறு என்றால் எது தவறு என்று குறிப்பிடவும்.

சுவர், கூரை, தரைக்கல், உத்தரம், மீட்டர் பலகை வரையிலான மூல ஒயரிங் ஆகியவை கட்டடம். அவற்றின் காப்பீடு உங்களுடையது. நான் பொருத்திய ராக்கை, கவுண்டர், ஃபால்ஸ் சீலிங், விளக்குகள் ஆகியவை ஒப்பந்த முடிவில் உங்களைச் சேரும் என்றாலும், ஒப்பந்தக் காலத்தில் சேதமானால் திரும்ப அமைக்கும் பொறுப்பும் காப்பீடும் என்னுடையவை. முன்பக்கக் கண்ணாடி, உங்கள் பலகைக் கதவுக்குப் பதிலாக உங்கள் சம்மதத்துடன் நான் அமைத்தது. அதன் காப்பீடும் என்னுடையது. பெயர்ப்பலகையும் அதைத் தாங்கும் சட்டமும் என்னுடையவை. சட்டம் பதிந்துள்ள சுவர் உங்களுடையது. உங்கள் கட்டடப் பாலிசியில் மேற்கண்ட என் பொருள்கள் சேர்ந்துள்ளனவா என்பதையும், பாலிசி யார் பெயரில், எந்தப் பயன்பாட்டிற்கு எடுக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கண்ணாடியை நான் அவ்வளவு சுலபமாக என் தலையில் போட்டுக்கொண்டது ஏன் என்று என் தம்பி கேட்டான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் (சட்டம் 2017-இல் நிறைவேறியது), கதவு ஜன்னல் கண்ணாடி மாற்றுவது வாடகைதாரர் செய்யும் பழுதுகளில் இருக்கிறது. கண்ணாடி யாருடையது என்று வாதாடி ஜெயித்தாலும் மாற்றும் செலவு என்னிடம்தான் வந்து நிற்கும். 46,000-க்காக ஆச்சியிடம் மல்லுக்கட்டுவதைவிட, பாலிசியில் ஒரு வரி சேர்ப்பது மலிவு.

கம்பெனியின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. முதல் வரியிலேயே கையைக் கழுவிவிட்டார்கள்: ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்வது தங்கள் வேலை இல்லை, உங்கள் நஷ்டம் என்று நீங்கள் அறிவிக்கும் பொருளைத்தான் ஏற்க முடியும். எனக்கு முதலில் கோபம் வந்தது. யோசித்தால் நியாயம்தான். அதற்குக் கீழேதான் உபயோகமான விஷயம் இருந்தது, இரண்டு முறை படித்த பிறகே புரிந்தது.

கண்ணாடி ஒன்றுதான், ஆனால் அது எதனால் உடைகிறது என்பதைப் பொறுத்துப் பாலிசியின் வேறு வேறு கதவைத் தட்ட வேண்டுமாம். தீ, புயல், சூறைக்காற்று, வெள்ளம் இவற்றால் உடைந்தால் தீப் பிரிவு. அங்கே கண்ணாடியின் விலை பொருத்துகளின் தொகைக்குள் சேர்ந்திருக்க வேண்டும். கதவை ஓங்கிச் சாத்தி உடைந்தால் தீப் பிரிவில் வராது. அதற்குக் கடைக்காரர் பாலிசியில் கண்ணாடிப் பிரிவு என்று தனியாக உண்டு, அதை எடுத்திருக்க வேண்டும். அந்தப் பிரிவிலோ தீயும் புயலும் விலக்கப்பட்டிருக்கும். ஆக, ஒன்றை மட்டும் எடுத்தவருக்குப் பாதிக் கண்ணாடிக்குத்தான் காப்பு. எதிர்க்கடைக்காரர் கண்ணாடிப் பிரிவை எடுத்திருந்தால்கூட, அன்றைக்கு அடித்த காற்றைச் சொல்லி அவரைத் தீப் பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இன்னும் சில நுணுக்கங்கள். கண்ணாடியின் அளவும் தடிமனும் எழுதிக் கொடுக்க வேண்டும், சேர்க்கும் நாளில் அது விரிசல் இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும். கீறல், ஓரம் பிசிறுவது வராது. கழற்றி மாட்டும்போது உடைந்தால் வராது. கண்ணாடிமேல் ஒட்டிய எழுத்தும் படமும் தனியாகச் சொன்னால்தான் சேரும். ‘கைமுறுக்கு’ என்று ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறோமே, அதற்கு ஆன நாலாயிரத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

பெயர்ப்பலகை கதையும் அதேதான். கட்டடத்துக்கு வெளியே தொங்குவதால் ‘கடையில் உள்ள பொருள்கள்’ என்ற வரியில் தானாக வராது, ஒளிப்பலகைப் பிரிவில் தனியாகச் சேர்க்க வேண்டும். அங்கேயும் உள்ளே எல்.இ.டி. கருகினாலோ, மின்கோளாறில் அடாப்டர் போனாலோ தரமாட்டார்கள். துருப்பிடித்துத் தானாக விழுந்தாலும் இல்லை. சர்வேயர் ஏன் கிளாம்பையே படம் பிடித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. காற்று தள்ளியதா, துரு தின்றதா என்பதில்தான் அவருடைய தீர்ப்பு. இப்போது வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரை பிறப்பதற்குள் வெல்டரை ஏற்றிக் கிளாம்பைப் பார்த்துப் பெயின்ட் அடித்து, தேதியோடு படம் எடுத்துவைக்கிறேன். வெல்டர் கூலி ரசீதும் அதே கவரில். பலகை தெருவில் போகிறவர் மேல் விழுந்தால் அது வேறு பிரிவு, பொதுப் பொறுப்பு. அதையும் கேட்டு வாங்கிச் சேர்த்தேன்.

ஆச்சி வீட்டுப் பதில்தான் நான் எதிர்பார்க்காதது. கடிதம் போன நாலாம் நாள் போன் வந்தது.

“என்னத்தா, வக்கீல் நோட்டீஸ் மாதிரி அனுப்பியிருக்க?”

“இல்ல ஆச்சி, எதிர்க்கடைல நடந்ததைப் பாத்துப் பயந்துட்டேன். உங்களுக்கும் நல்லதுதான்.”

“பலகைக் கதவையே மாட்டியிருந்தா உடைஞ்சிருக்குமா?” என்றார் ஆச்சி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போனை மகன் வாங்கினார். கடைசி வரியில் கேட்டிருந்த கேள்விக்காகப் பாலிசியைத் தேடி எடுத்திருக்கிறார். அது குடியிருப்பு வீட்டுக்கான பாலிசி. முன்பக்கம் கடைக்கு விட்டிருப்பது அதில் இல்லை. பெயரும் ஆச்சி ஒருவர் பெயர்தான், மற்ற இரண்டு பங்கு பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுப் பாலிசி என்பது குடியிருக்கும் கட்டடத்துக்கானது. கடை நடக்கும் பகுதியில் தீப்பிடித்துவிட்டு அதைக் கொண்டுபோய் நீட்டினால், சொல்லாமல் பயன்பாட்டை மாற்றியதைத்தான் கம்பெனி முதலில் கேட்கும். பின்கட்டும் வளவும் சேர்த்து எவ்வளவு பெரிய வீடு! என் கண்ணாடிக்காகக் கேட்ட கேள்வியில் அவர்கள் வீட்டுக்கே ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அவர் குரல் மாறிவிட்டது. “நல்லவேளை கேட்டீங்க” என்று மூன்று முறை சொன்னார். இப்போது கடைப் பகுதியைக் குறிப்பிட்டு, மூன்று பங்காளிகள் பெயரிலும் மாற்றி எடுத்துவிட்டார்கள், என் பொருத்துகளை அதில் சேர்க்கவில்லை என்ற குறிப்போடு.

என் பக்கம், ஏஜென்ட் அண்ணன் ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்தைச் சொல்லும் காகிதம், வாங்கிக் கொடுத்தார். பொருத்துகள் ஒட்டு எழுத்தும் கண்ணாடியும் உட்பட 3,75,000, கண்ணாடிப் பிரிவில் 50,000, பலகை 38,000. மீதி மாதங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுதல் பிரீமியம். அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள் என்று அவர் விரலை வைத்துக் காட்டினார். அந்தத் தேதிக்கு முன்னால் உடைந்ததற்கு அந்தக் காகிதம் செல்லாது. நான் கடிதம் அனுப்பிய தேதியும் இல்லை, கம்பெனி பதில் எழுதிய தேதியும் இல்லை, பிரீமியம் கட்டி அவர்கள் ஏற்ற தேதி. நடுவில் இருந்த அந்த ஐந்தாறு வாரம், காற்றடித்தால் நான் தெருவுக்கு வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது உண்மை.

மூன்று கையெழுத்தோடு கடிதம் திரும்பி வந்தது. ஒருவர் சிங்கப்பூரில் இருப்பதால் சுற்றி வர இரண்டு மாதம் ஆனது. அதை ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்துவைத்திருக்கிறேன், புதுப்பிக்கும்போது பத்தியாகவே ஏறும். கடிதத்தின் ஓரத்தில் ஆச்சி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “பலகைக் கதவு பதினாறும் என் கணக்கு. போன தடவை வந்தபோது எண்ணினேன், 9-ஆம் எண்ணைக் காணோம். தேடி வைக்கவும்.”

தேடினேன். அதன்மேல்தான் எண்ணெய் டின்களை அடுக்கிவைத்திருந்தோம்.